புருவத்தில் தொடங்கும் தொழில்: வீட்டு அழகு நிலையத்தின் பயிற்சி, செலவு, வாடிக்கை

வீட்டின் முன்னறையில் பெண்களுக்கான அழகு நிலையம் தொடங்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் எந்தப் பயிற்சியில் சேர்வது என்று முதலிலும், என்னென்ன பொருள்கள் வாங்குவது என்று அடுத்தும், யார் வருவார்கள் என்று கடைசியிலும் கேட்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால்தான் தொழிலின் கணக்கு தெளிவாகும். கடைவீதியில் பெயர்ப்பலகை மாட்டிய பார்லருக்கு வழிப்போக்கர்களும் வருவார்கள். தெருவுக்குள் இருக்கும் வீட்டுக்கோ தெரிந்தவர்களும் அவர்கள் சொல்லி அனுப்பியவர்களும் மட்டுமே வருவார்கள் என்பதால், ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருகிறாரா என்பதைப் பொறுத்தே அதன் வருவாய் அமைகிறது. ஆகவே எந்தச் சேவை ஒரு பெண்ணை இயல்பாகவே மாதந்தோறும் திரும்ப வரவைக்கும் என்பதை முதலில் அறிந்து, அதில் முழுத் தேர்ச்சி பெற எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று கணித்து, அதைச் சுற்றி மற்றச் சேவைகளையும் பொருள்களையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே பாதுகாப்பான வழி. தமிழ்நாட்டின் ஊர்களில் அத்தகைய சேவை புருவம் திருத்துதல். பேச்சு வழக்கில் அது ஐப்ரோ எனப்படுகிறது.

நான்கு வாரச் சுழற்சி

தலைமுடியின் ஒவ்வொரு இழையும் ஆண்டுக்கணக்கில் வளரக்கூடியது. புருவ முடியின் வளர்காலமோ சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. மேலும், புருவத்தில் உள்ள எல்லா முடிகளும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒரு பகுதி வளர்ந்துகொண்டிருக்கும்போது இன்னொரு பகுதி தோலுக்கடியில் ஓய்வு நிலையில் இருக்கிறது. நூலால் இன்று எடுக்கப்படுபவை வெளியே தெரியும் முடிகள் மட்டுமே என்பதால், ஓய்வில் இருந்தவை அடுத்தடுத்து முளைத்து, மூன்றிலிருந்து நான்கு வாரங்களுக்குள் புருவத்தின் வடிவம் கலைந்துவிடுகிறது. அழகு நிலையத்தின் மற்றப் பெரும்பாலான சேவைகளுக்கு இவ்வளவு ஒழுங்கான கால இடைவெளி கிடையாது. ஃபேஷியல் எனப்படும் முகப் பராமரிப்பைப் பலர் தீபாவளிக்கும் குடும்பத் திருமணங்களுக்கும் மட்டுமே செய்துகொள்கிறார்கள். மணப்பெண் அலங்காரமோ ஒரு குடும்பத்தில் ஆண்டுக்கணக்கில் ஒருமுறை வருவது.

புருவத்துக்குக் கிடைக்கும் கட்டணம் சிறியது. ஆனால் ‘ஐப்ரோ மட்டும் போதும்’ என்று வருபவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் அதே நாற்காலியில் அமர்கிறார். ஒவ்வொரு முறையும் கைமுடி அகற்றுவது பற்றியோ, முடி வெட்டுவது பற்றியோ, மகளின் பூப்புனித நீராட்டு விழா அலங்காரம் பற்றியோ அவராகவே பேச்செடுக்கிறார். அதாவது மற்றச் சேவைகளுக்கான வாடிக்கை, தனி விளம்பரம் ஏதுமின்றி, புருவத்தின் வழியாகவே உருவாகிறது. அந்தச் சேவை சரியில்லாவிட்டால் மற்றவற்றுக்கான வாய்ப்பும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

எவ்வளவு பயிற்சி போதும்?

பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் மூன்று வகையான வழிகள் உள்ளன. முதலாவது, வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். இவற்றில் கிராமப்புறப் பெண்களுக்கு ஏறத்தாழ ஒரு மாத காலத்துக்கு, உணவு உட்பட இலவசமாக, அழகு நிலைய மேலாண்மைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இரண்டாவது, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் எனப்படும் ஐடிஐகளில் உள்ள ஓராண்டு அழகுக்கலைப் பிரிவு. தேசியச் சான்றிதழ் கிடைப்பது இதன் பலம். மூன்றாவது, கட்டணம் பெற்று நடத்தும் தனியார் பயிற்சி மையங்கள். இவற்றின் கட்டணமும் தரமும் ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபடுகின்றன. எங்குச் சேர்வதானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பயிற்சிக் காலத்தில் உயிருள்ள மனித முகங்களில் எத்தனை முறை வேலை செய்ய வாய்ப்பு கிடைக்கும், அப்போது பயிற்றுநர் அருகில் நின்று திருத்துவாரா என்பதே. பாடத்திட்டத்தில் நாற்பது சேவைகளின் பெயர்கள் இருந்தும் ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்க்க மட்டுமே முடியுமானால், அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

நூலால் முடி எடுப்பது, அதாவது த்ரெட்டிங், பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் கை பழக நெடுநாள் பிடிக்கும் வேலை. பருத்தி நூலின் நடுப்பகுதியில் முறுக்குகள் இட்டு, அந்த முறுக்கு முடியைக் கவ்வி இழுக்கும்படி இரு பக்க நூலையும் விரித்துச் சுருக்க வேண்டும். முடி வளரும் திசைக்கு எதிராக இழுத்தால்தான் அது வேரோடு வரும். வாடிக்கையாளர் ஒரு கையால் இமையையும் மறு கையால் நெற்றித் தோலையும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தோல் தளர்ந்திருக்கும்போது நூல் அதையும் சேர்த்துக் கவ்விக் கீறிவிடுகிறது. இமையின் மேல் விழும் மெல்லிய சிவப்புக் கோடு இந்தத் தவறின் அடையாளம். எடுத்த இடத்தில் இரண்டு நாளுக்குப் பின் கறுப்புப் புள்ளிகளாக முடி குத்திக்கொண்டு நின்றால், அது வேரோடு வராமல் பாதியில் அறுந்திருக்கிறது என்பதும், முறுக்கு தளர்ந்தோ கையின் வேகம் குறைந்தோ இருந்தது என்பதும் பொருள். தம் காலில் உள்ள முடியில் சில வாரங்கள் பழகி, பின்னர் உறவினர்களின் புருவங்களில் பழகி, இந்த இரு தவறுகளும் நின்ற பிறகே கட்டணம் வாங்கத் தொடங்குவது முறை.

வடிவம் அமைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. மூக்குத் துவாரத்தின் வெளி ஓரத்திலிருந்து நேர் மேலே செல்லும் கோடு புருவத்தைத் தொடும் இடத்தில் அதன் தொடக்கமும், அதே ஓரத்திலிருந்து கண்ணின் கருமணியின் வெளி விளிம்பு வழியாகச் செல்லும் சாய்கோட்டில் வளைவின் உச்சியும், கண்ணின் வெளி முனை வழியாகச் செல்லும் கோட்டில் முடிவும் அமைய வேண்டும். ஒரு பென்சிலை முகத்தில் சாய்த்துப் பிடித்தே இம்மூன்று இடங்களையும் குறித்துவிடலாம். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, இரு பக்கமும் சமமாக வரவில்லை என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே போய் இரண்டையும் மெலிதாக்கிவிடுவது. அப்படிக் கெட்ட புருவம் மீண்டும் நிறைய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் அந்தப் பெண் வேறிடம் தேடிச் செல்வார், காரணத்தையும் அங்கே சொல்வார். முதல் வருகையில் வாடிக்கையாளர் கேட்பதைவிடச் சற்றுக் குறைவாகவே எடுத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, அவர் பார்த்துச் சொன்ன பிறகு மேலும் எடுப்பதே இதற்கான காப்பு.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வது பழைய முறை. எச்சில் பட்ட நூல் கீறிய தோலைத் தொடுவது இருவருக்குமே தொற்று அபாயம் என்பதால், நூலைக் கழுத்தில் வளையமாக மாட்டிக்கொண்டோ இரு கைகளால் மட்டுமோ செய்யும் முறையைத் தொடக்கத்திலேயே பழகுவது நல்லது. பல்லில் பழகிய கையைப் பின்னால் மாற்றுவது கடினம்.

எவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்?

சேவை செய்யக் கற்பதைப் போலவே, எந்த உடல்நிலையில் சேவையைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் கற்பதும் பயிற்சியின் பாதி. வேக்ஸிங் என்பது சூடான மெழுகுப் பசையைத் தோலில் தடவி, துணி அல்லது தாள் பட்டையை ஒட்டி, முடியோடு உரித்தெடுக்கும் முறை. கடும் முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை உட்கொள்ளும் பெண்களின் மேல்தோல் மெலிந்திருக்கும். அவர்களுக்கு மெழுகு போட்டால் முடியுடன் தோலும் உரிந்து, ஆறிய பின்னும் கறுப்புத் தழும்பு நிற்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. ஆகவே பட்டையைக் கையில் எடுக்கும் முன், பருவுக்கு மாத்திரையோ களிம்போ பயன்படுத்துகிறீர்களா என்ற ஒரு கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டும்.

பெடிக்யூர் எனப்படும் பாதப் பராமரிப்பில் நீரிழிவு நோயாளிகளுக்குத் தனிக் கவனம் தேவை. பாதத்தில் உணர்வு மங்கியவருக்கு நீரின் சூடு தெரியாது. குதிகாலின் தடித்த தோலைப் பிளேடால் சீவும்போது ஏற்படும் சிறு வெட்டும் ஆறாத புண்ணாகலாம். எனவே நீரின் சூட்டைப் பியூட்டிஷியனே தம் முழங்கையை வைத்துப் பார்ப்பதும், பிளேடைத் தொடாமல் இருப்பதும், ஏற்கெனவே புண் இருந்தால் சேவையையே மறுப்பதும் அவசியம். தாடையிலும் கன்னத்திலும் திடீரெனத் தடித்த முடி வளர்ந்து, மாதவிடாயும் ஒழுங்கற்றிருப்பதாக ஒரு பெண் சொன்னால், முடியை எடுத்துவிடுவதோடு நில்லாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இப்படி மறுக்கவும் அனுப்பவும் தெரிந்தவர் அன்றைய கட்டணத்தை இழந்தாலும், அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுகிறார்.

டப்பியின் விலையும் ஒரு முறையின் செலவும்

பொருட்செலவை வாங்கிய ரசீதைக் கொண்டு பார்த்தால் தவறான முடிவே கிடைக்கும். ஒருவருக்கு ஒருமுறை செய்ய எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். கீழே வரும் தொகைகள் ஒரு நடுத்தர ஊருக்கான எடுத்துக்காட்டுகள். அவரவர் ஊரின் விலையை இட்டு இதே முறையில் கணக்கிடலாம். 300 மீட்டர் நூல்கண்டு ஒன்று 60 ரூபாய் என்றும், ஒருவருக்கு முக்கால் மீட்டர் நூல் ஆகும் என்றும் கொண்டால், ஒரு கண்டில் 400 பேருக்குச் செய்யலாம். ஒருவருக்கான நூல் செலவு 15 காசு. பஞ்சு, பவுடர், கற்றாழைக் கூழ் எல்லாம் சேர்த்தாலும் செலவு 3 ரூபாயைத் தாண்டாது. இரு கைகளுக்கு வேக்ஸிங் செய்ய மெழுகு 25 ரூபாய்க்கும், தாள் பட்டைகள் 15 ரூபாய்க்கும், கையுறை, பவுடர், எண்ணெய் 10 ரூபாய்க்கும் ஆக, மொத்தம் 50 ரூபாய் ஆகிறது. ஒருமுறை தோலில் பட்ட மெழுகுக் கரண்டியை மறுபடி டப்பியில் தோய்த்தால் ஒருவரின் கிருமி எல்லாருக்கும் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு தோய்ப்புக்கும் புதிய மரக்குச்சி பயன்படுத்தும் செலவையும் இதில் மிச்சப்படுத்தக் கூடாது.

ஃபேஷியலில்தான் பணம் முடங்குகிறது. சுத்தப்படுத்தும் பால், இறந்த தோலைத் தேய்த்தெடுக்கும் ஸ்கிரப், மசாஜ் கிரீம், ஜெல், முகப்பூச்சு என ஐந்து படிகளுக்கும் பெரிய டப்பிகள் வாங்கினால், ஒன்று 450 ரூபாய் வீதம் 2,250 ரூபாய் ஆகும். ஒரு படிக்கு 15 கிராம் வீதம், 500 கிராம் டப்பிகளில் 33 பேருக்குச் செய்யலாம் என்பதால் தலைக்கு 68 ரூபாய்தான். ஒருவருக்கு மட்டுமான சிறு பாக்கெட்டுத் தொகுப்போ 150 ரூபாய். முதல் பார்வைக்குப் பெரிய டப்பியே மலிவு. ஆனால் பல டப்பிகளின் மேல் திறந்த மூடியுடன் ஒரு சிறு படமும், அதனுள் மாதங்களைக் குறிக்கும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதங்கள்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். அந்த எண் 6 என்றிருந்தால், ஆறு மாதத்துக்குள் 15 ஃபேஷியலாவது நடந்தால்தான் 2,250 ரூபாய் பாக்கெட்டுச் செலவுக்குச் சமமாகும். மாதத்துக்கு இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்றால் பன்னிரண்டு முறைதான் ஆகும். மீதி கெட்டுப்போகும், அல்லது கெட்ட பின்னும் முகத்தில் பூசப்படும். எண்ணெய்த் தோலுக்கு ஒன்று, வறண்ட தோலுக்கு ஒன்று, பழம், தங்கம், முத்து என்று வகைக்கு ஒரு தொகுப்பாக வாங்கி அடுக்கும் புதிய நிலையங்களின் முதலீடு இவ்வாறே அலமாரியில் காலாவதி ஆகிறது. மாதத்துக்கு மூன்று முறையாவது ஒரே வகை ஃபேஷியல் தொடர்ந்து நடக்கும் நிலை வரும் வரை பாக்கெட்டே சிக்கனம்.

சிவப்பழகு கிரீமும் முடிச்சாயமும்

பொருள் வாங்குவதில் செலவைவிட முக்கியமான வரம்பு ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, பாதரசம் சேர்த்து அழகுசாதனம் தயாரிப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் உற்பத்தி உரிம எண்ணோ உட்பொருள் பட்டியலோ இல்லாத சிவப்பழகு கிரீம்கள் கைமாறி வந்துகொண்டே இருக்கின்றன. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் பலருக்கு அத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியதே காரணம் என்று கண்டறிந்தனர். தோலின் நிறமியைத் தடுக்கும் பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது; முகம் விரைவாக வெளுப்பதைத்தான் விற்பவர் அதன் தரத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார். லேபிளில் தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், உட்பொருள்கள் ஆகிய ஐந்தும் இல்லாத எதையும் நிலையத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

மருந்துக்கடையில் வாங்கித் தாமாகவே மாதக்கணக்கில் பூசிக்கொள்ளும் ஸ்டீராய்டு களிம்புகள் இதே போன்ற இன்னொரு சிக்கல். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற இவை மருத்துவரின் சீட்டுக்கு உரியவை. முகம் எப்போதும் சிவந்து, வெயில் பட்டால் எரிந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்து, களிம்பை நிறுத்தினால் பரு பொங்கும் பெண்ணின் முகத்தில் பிளீச் போடுவது ஆபத்து. பிளீச் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையால் மெல்முடியின் நிறத்தை வெளுக்கச் செய்வது. மெலிந்த தோலில் அது தீப்புண் போலவே பிடிக்கும். அப்படிப்பட்டவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்புவதே சரி.

முடிச்சாயத்துக்கு, பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒவ்வாமைச் சோதனை தேவை. பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் வீக்கத்தை உண்டாக்கும். முன்பு பலமுறை பூசியும் ஒன்றும் ஆகாதவருக்கும் ஒருநாள் அது நேரலாம். காதின் பின்புறம் சிறு துளி தடவி 48 மணி நேரம் பார்த்த பின்பே பூச வேண்டும். புருவ நரையை மறைக்கக் கேட்பவர்கள் உண்டு. கண்ணிமையிலும் புருவத்திலும் பூசக் கூடாது என்று இச்சாயங்களின் உறையிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டி மறுத்துவிட வேண்டும்.

பதிவேடு என்னும் முதல்

வாடிக்கையாளரை நிலைக்கவைக்கும் கருவி, ஒரு சாதாரண நோட்டு. பெயர், தொலைபேசி எண், செய்த சேவை, ஒவ்வாமை அல்லது மருந்து பற்றிய குறிப்பு, வந்த நாள், மறுபடி வரவேண்டிய நாள் என ஆறு பத்திகள் போதும். புருவம் எடுத்தவரின் பெயருக்கு எதிரே 25 நாளுக்குப் பிந்திய தேதி எழுதப்பட்டு, அந்த நாள் நெருங்கும்போது, ‘இந்த வாரம் எந்த நாள் வசதி?’ என்று வாட்ஸாப்பில் ஒரு தனிச் செய்தி செல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் தள்ளுபடி அறிவிப்பைவிட, தம் புருவத்தின் நாளை நினைவில் வைத்து வரும் ஒற்றை வரிக்கே பதில் வருகிறது.

தமிழ்க் குடும்பங்களின் நாள்வழக்கமும் இந்த நோட்டில் இடம்பெற வேண்டும். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் முடி எடுப்பதைத் தவிர்க்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளதால், அலுவலகம் செல்பவர்கள் சனி, ஞாயிறுகளில் குவிகிறார்கள். ஒற்றை நாற்காலி உள்ள இடத்தில் ஞாயிறு காலை ஒரு ஃபேஷியலை ஏற்றுக்கொண்டால், அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஐந்தாறு ஐப்ரோ வாடிக்கையாளர்கள் திரும்பிப் போக நேரும். அவர்களுள் சிலர் மறுபடி வராமலே போகலாம். எனவே வார இறுதியைப் புருவத்துக்கும் வேக்ஸிங்குக்கும் ஒதுக்கி, ஃபேஷியலையும் முடிச்சாயத்தையும் வாரநாள் பகலில், இல்லத்தரசிகளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் முன்பதிவு செய்வது தக்கது. திருமணங்கள் நடக்காத ஆடியிலும் மார்கழியிலும் அலங்கார வேலை வறண்டுவிடும். புருவ வாடிக்கை அந்த மாதங்களிலும் தொடர்வதால், அவற்றைக் கடக்க அதுவே கைகொடுக்கிறது.

வீட்டு நிலையத்துக்குப் பெண்கள் வருவதன் முக்கியக் காரணம் தனிமை. ஆண்கள் நடமாடும் கூடத்தைக் கடந்து செல்லாமல் தெருவிலிருந்து நேரே நுழையும் வாசலும், உள்ளே தாழிடக்கூடிய கதவும், ஒருவரின் முகத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசாத ஒழுக்கமும் இல்லாவிட்டால் கடைவீதிப் பார்லரே மேல் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். கருவிகளின் தூய்மையையும் அவர்கள் கண்ணெதிரே காட்ட வேண்டும்: உலோகக் கருவிகளை முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பின்னர் 20 நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பல நிலையங்களில் உள்ள நீல விளக்குப் பெட்டி, சுத்தமான கருவியை வைத்திருக்க உதவுமே தவிர, அழுக்குக் கருவியைச் சுத்தமாக்காது.

ஒரு மாதத்தின் கணக்கு

60 நிலையான வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். புருவத்துக்கு 50 ரூபாய் வீதம் 3,000 ரூபாய். அவர்களுள் 20 பேர் கை வேக்ஸிங் செய்துகொண்டால் 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய். 10 பேர் ஃபேஷியல் செய்துகொண்டால் 600 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். 12 பேர் முடி வெட்டிக்கொண்டால் 150 ரூபாய் வீதம் 1,800 ரூபாய். மொத்த வரவு 15,800 ரூபாய். பொருட்செலவு, புருவத்துக்கு 180, வேக்ஸிங்குக்கு 1,000, ஃபேஷியலுக்கு மேல்துணி, பஞ்சு உட்பட 1,700, முடிவெட்டுக்கு 60 என 2,940 ரூபாய். நாற்காலி, படுக்கை, கண்ணாடி, மெழுகுச் சூடேற்றி, முதல் சரக்கு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 36,000 ரூபாயில் தொடங்கலாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில், அதன் உச்சவரம்பான 50,000 ரூபாயை 11 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடனாகப் பெற்று, மீதியைக் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறக்குறைய 1,640 ரூபாய். மின்சாரம், துணி துவைத்தல், கிருமிநீக்கி, தொலைபேசிக்கு 1,500 ரூபாயும், கருவிகளின் தேய்மானத்துக்கு 600 ரூபாயும் ஒதுக்கினால், கையில் நிற்பது 9,120 ரூபாய்.

இந்தத் தொகையை உழைத்த நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு புருவத்துக்கு 12 நிமிடம், வேக்ஸிங்குக்கும் முடிவெட்டுக்கும் அரை மணி, ஃபேஷியலுக்கு ஒன்றேகால் மணி என்று கொண்டால், மாதத்துக்கு 40 மணி நேரச் சேவை. கழுவுதல், துவைத்தல், செய்தி அனுப்புதலுக்கு மேலும் 20 மணி நேரம். அதாவது மணிக்கு 150 ரூபாய் அளவில் வருகிறது. சேவைகளைத் தனித்தனியே பார்த்தால், பொருட்செலவு போக வேக்ஸிங் மணிக்கு 400 ரூபாயும், ஃபேஷியல் 350 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும், புருவம் 235 ரூபாயும் ஈட்டுகின்றன. புருவமே கடைசி இடத்தில் இருப்பதைக் கண்டு அதன் விலையை உயர்த்தவோ அந்தச் சேவையையே குறைக்கவோ தோன்றலாம். ஆனால் மேலே உள்ள 20 வேக்ஸிங்கும் 10 ஃபேஷியலும் அந்த 60 புருவங்களிலிருந்து வந்தவை. அதேபோல், எதிர்வீதியில் புதிய பார்லர் வந்தது என்று 50 ரூபாயை 40 ஆக்கினால் மாதத்துக்கு 600 ரூபாய், அதாவது ஒரு ஃபேஷியலின் முழுக் கட்டணம், இல்லாமல் போகும். விலைக்காக மட்டும் வருபவர் அதைவிடக் குறைந்த விலைக்குப் போய்விடுவார் என்பதால், அந்த இழப்பை ஈடுசெய்ய எதுவும் இராது.

60 என்ற எண்ணிக்கையை எட்ட எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் நோட்டே காட்டிவிடும். மாதத்துக்கு 10 புதியவர்கள் வந்து, அவர்களுள் 6 பேர் ஆறு வாரத்துக்குள் திரும்பி வந்து, பழையவர்களில் ஒருவரோ இருவரோ திருமணமாகியோ வீடு மாறியோ விலகினால், மாதத்துக்கு நான்கு அல்லது ஐந்து பேர் கூடுவார்கள். அறுபதைத் தொட ஓராண்டுக்கு மேல் பிடிக்கும். அதுவரை தவணையைக் குடும்பத்தின் வேறு வருமானத்திலிருந்து கட்ட முடியுமா என்பதைக் கடன் விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பத்தில் ஆறு என்பது மூன்றாகக் குறைந்தால், மாதத்துக்கு ஒருவரோ இருவரோ மட்டுமே கூடுவார்கள் என்பதால், அறுபதைத் தொட இரண்டரை ஆண்டிலிருந்து ஐந்தாண்டு வரை ஆகிவிடும். அந்நிலையில் புதிய தொகுப்புகள் வாங்குவதும் விளம்பரத் தாள் அச்சிடுவதும் பயன் தராது. வராமல் நின்ற ஏழு பேரின் பெயர்களை நோட்டிலிருந்து எடுத்து, அவர்களின் புருவம் மெலிந்ததா, தோல் கீறியதா, காத்திருக்க நேர்ந்ததா என்று கேட்டறிந்து, குறை கையில் இருந்தால் மீண்டும் சில வாரம் பயிற்றுநரிடம் பழகுவதே அடுத்த முதலீடாக இருக்க வேண்டும்.